உப்பு இல்லாத மாதத்தில் உப்பளப் படம்: எடுக்காத ஆவணப்படத்துக்கு சிஸில் ரீல் திட்டமிடுவது எப்படி

அக்டோபர் முதல் வாரத்தில் நண்பர் ஒருவர் என் எடிட் அறைக்கு வந்தார். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப்போகிறார். இயக்குநர்கள் தங்கள் படத்தைச் சொல்லி நிதி கேட்கும் ஒரு பிட்ச் மன்றத்துக்குத் தேர்வாகிவிட்டது. எட்டு வாரத்தில் சிஸில் ரீல், அதாவது இனி எடுக்கப்போகும் படம் எப்படி இருக்கும் என்று காட்டும் சில நிமிடக் காணொளி, கொடுக்க வேண்டும். கையில் இருந்தவை, ஆகஸ்டில் ஆய்வுக்குப் போனபோது கைப்பேசியில் எடுத்த நாற்பது நிமிடக் காட்சி, கொஞ்சம் புகைப்படங்கள், ஒரு நோட்டுப் புத்தகம். முறையான படப்பிடிப்பு அடுத்த பருவம் தொடங்கும் ஜனவரியில்தான். இடையில் வடகிழக்குப் பருவமழை. உப்புப் பாத்திகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். உப்பே இல்லாத மாதத்தில் உப்பளப் படத்துக்கு ரீல் எடுக்க வேண்டியிருக்கிறதே என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதி அழுகை.

அவர் மனத்தில் ஒரு வரைபடம் ஏற்கெனவே இருந்தது. மேலிருந்து ட்ரோன், கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை உப்புக் குவியல்கள், பறை இசை, வேகமான வெட்டுகள், இறுதியில் தலைப்பு. ட்ரோன் காட்சியை யாரிடமாவது விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார். அதை வேண்டாம் என்று சொல்வதற்கே ஒரு மாலைப் பொழுது போனது. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் படம் வேறாக இருக்கும். சிக்கல் பெரும்பாலும் இதேதான்.

ரீல் எங்கே உட்காரப்போகிறது என்று முதலில் பாருங்கள்

டிரெய்லர் என்பது முடிந்த படத்துக்கு ஆள் சேர்ப்பது. சிஸில் ரீல் எடுக்கப்படாத படத்துக்குச் சான்று காட்டுவது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால்தான் பலர் முடிந்த படத்தின் டிரெய்லரைப் போலி செய்யப் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

கொல்கத்தாவின் டாக்எட்ஜ், ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா போன்ற மன்றங்களில் இயக்குநரின் பேச்சும் ரீலும் சேர்ந்தே சில நிமிடங்கள்தான். மொத்தம் ஏழு நிமிடம் என்றால் ரீலுக்கு இரண்டரை, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் நீங்கள் பேசவேண்டிய நேரத்தை நீங்களே தின்றுவிடுகிறீர்கள். நிதி அமைப்புகளுக்கு எழுத்தில் விண்ணப்பிக்கும்போது கதை வேறு. அங்கே பெரும்பாலும் கேட்பது இன்னும் நீளமான மாதிரிக் காட்சி. விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்; யாரோ ஒருவர் இருபதாவது விண்ணப்பமாக உங்கள் இணைப்பைத் திறந்து பார்ப்பார். ஆகவே விதிமுறையைப் படித்து, அறைக்கு ஒரு வடிவம், இணைப்புக்கு ஒரு வடிவம் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். இணைப்பு வடிவத்தின் தொடக்கத்தில் படம் யாரைப் பற்றியது என்று இரண்டு வரி எழுத்து போதும். அறை வடிவத்தில் அது தேவையில்லை, அதை உங்கள் வாய் சொல்லிவிடும்.

எதிரே இருப்பவரின் சந்தேகங்களை எழுதுங்கள்

ஷாட் பட்டியலுக்கு முன்னால் சந்தேகப் பட்டியல். பணம் கொடுக்கப்போகிறவருக்கு, படம் எடுக்கப்படாத நிலையில், மூன்று சந்தேகங்கள் வரும். இந்த மனிதர் உங்களை உண்மையிலேயே உள்ளே விடுவாரா? விட்டாலும், ஒன்றரை மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? இனிமேல் ஏதாவது நடக்கப்போகிறதா, அல்லது ஒரு நிலைமையைத்தான் சுற்றிச் சுற்றிக் காட்டப்போகிறீர்களா?

நண்பரின் ட்ரோன் திட்டத்தை இந்த மூன்றுக்கும் நேராக வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. உப்பளம் அழகாக இருக்கிறது என்பதை யாரும் சந்தேகிக்கவில்லையே. வானத்திலிருந்து எடுக்க யாருடைய நம்பிக்கையும் தேவையில்லை. ஆகவே அது நெருக்கத்துக்குச் சான்றாகாது. விலைக்கு வாங்கிய காட்சியில் இன்னொரு கேடும் இருக்கிறது. நண்பர் எடுக்க நினைத்தது நிதானமான, வீட்டுக்குள் நடக்கும் படம். ரீல் வேகமாகத் துள்ளினால், முழுப் படமும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்பார்கள். ஆம் என்றால் பொய். இல்லை என்றால் பிறகு எதற்கு இந்த ரீல்?

மூன்றாவது சந்தேகத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. நண்பர் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டே அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். மழை மாதங்களில் அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களை ஓட்டுவதற்குக் கங்காணியிடம் முன்பணம் வாங்குவது அந்த வீட்டின் வழக்கம். வாங்கிய முன்பணம் அடுத்த பருவத்து உழைப்பைக் கட்டிப்போட்டுவிடும். மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அவள் கால் அளத்தில் படக்கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். கல்லூரிக்குப் பணம் கட்டினால் முன்பணம் பெரிதாகும். முன்பணம் பெரிதானால் அதை அடைக்க இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் மகளாகத்தான் இருக்க முடியும்.

நண்பர் சொல்லி முடித்தபோது இருவருமே பேசவில்லை. படத்தின் முடிச்சு உப்பு விளையும் மாதங்களில் இல்லை, மழை மாதங்களில்தான் இருக்கிறது. ரீல் எடுக்கமுடியாத காலம் என்று நினைத்தோமே, அதுதான் ரீலுக்கு உரிய காலம். உங்கள் படத்திலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது: என்னால் இப்போது எடுக்கமுடியாமல் தடுப்பது எது, அந்தத் தடையே கதைக்குள் வருகிறதா? எப்போதும் வராது. வந்தால் பாதி வேலை முடிந்தது.

கையில் இருப்பதைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்

ஆய்வுக் காட்சிகளை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டும் கேளுங்கள். எங்கள் நாற்பது நிமிடத்தில் படமாகத் தேறியது எதுவும் இல்லை. செங்குத்தாகப் பிடித்தது, இருட்டு, ஆட்டம். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு அந்த அக்கா அளத்துக்கு நடக்கும்போது பின்னாலேயே போய் எடுத்த ஒரு துண்டில் ஒலி அருமையாக இருந்தது. ஈர மண்ணில் காலடி, தூக்குவாளிக் கைப்பிடியின் கிணுகிணுப்பு, மூச்சு. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்பதால்தான் அந்த நேரத்தில் கிளம்புகிறோம் என்று நடந்துகொண்டே சொல்கிறார். கறுப்புத் திரையில் அந்த ஒலியை மட்டும் விட்டால் இருபது விநாடிக்கு யாரும் கண்ணை எடுக்கமாட்டார்கள். படம் மோசமென்று ஆய்வுக் காட்சியைத் தூக்கிப் போடுகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

புகைப்படங்களில் ஆறு தேறின. அதில் ஒன்று, உப்பு வாரும் பலகையின் பிடியைப் பற்றிய கை. விரல் இடுக்குகளில் தோல் வெடித்து வெளுத்திருந்தது. இதைத் திரை முழுக்க நான்கு விநாடி நிறுத்தினால் பருவ காலத்தைப் பற்றி வேறெதுவும் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு நாள் படப்பிடிப்பு, ஒரே ஒரு முழுக் காட்சி

சிஸிலுக்கென்று படப்பிடிப்பு வைக்கும்போது எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு வரத் தோன்றும். சமையல் கொஞ்சம், கோயில் கொஞ்சம், கடற்கரை கொஞ்சம். எடிட்டில் அது ஒன்றோடொன்று ஒட்டாது. தொடக்கமும் நடுவும் முடிவும் உள்ள ஒரு காட்சி, அதுவும் நீங்கள் போகாவிட்டாலும் எப்படியும் நடக்கக்கூடிய காட்சி, ஒன்று கிடைத்தால் போதும். ரீலில் அதற்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். நெருக்கம், முகம் என்ற இரண்டு சந்தேகங்களையும் அந்த ஒரு நிமிடமே தீர்த்துவிடும்.

எங்களுக்கு முதலில் தோன்றியது, முன்பணம் வாங்கும் இடத்தையே எடுப்பது. காட்சியாகப் பார்த்தால் அதுதான் உச்சம். ஆனால் விட்டுவிட்டோம், ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்குப் பதில், முந்தின இரவு வீட்டில் அம்மாவும் மகளும் கணக்குப் பார்ப்பதை எடுப்பது என்று முடிவானது. அது வழக்கமாக நடப்பதுதான். மகளின் பழைய பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் அந்த வீட்டுக் கடன் கணக்கு முழுக்க இருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் வாசிப்பாள், அம்மா மனக்கணக்காகக் கூட்டிக்கொண்டே வருவார்.

முதல் நாள் மாலையே நண்பர் அந்த வீட்டுக்குப் போய்விட்டார், கேமராவை வெளியே எடுக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு ஒரு கேமரா, ஒரு ஒலிப்பதிவாளர், இருந்த டியூப்லைட் வெளிச்சம். அம்மா, மகள் இருவர் மேலும் லேப்பல் மைக். வெளியே மழை, தகரக் கூரை. கூரையில் மழை விழுந்தால் பேச்சு அமுங்கிவிடும் என்பதால்தான் மைக் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். பேச்சு முடிந்த பின் எல்லாரும் சும்மா இருக்க, அறையின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிந்தார்கள். வெட்டுகளை மறைக்க எடிட்டில் அந்த ஒரு நிமிடம் தங்கம். படம் கொஞ்சம் இருட்டினால் மன்னிப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் மன்னிக்கமாட்டார்கள்.

நேர்காணலும் எடுங்கள், ஆனால் காட்சி முடிந்த மறுநாள் காலையில். அதில் பழங்கதை கேட்க வேண்டாம். எத்தனை வயதில் அளத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டால் வருவது வரலாறு. அது முழுப் படத்துக்கு உதவும். சிஸிலுக்கு வேண்டியது எதிர்காலம். அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறீர்கள், மகள் மறுத்தால் என்ன செய்வீர்கள், எது நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரப் பேச்சில் ரீலுக்குள் வந்தது இரண்டு வாக்கியம்.

ஒப்புதலும், ரீல் யார் கண்ணில் படும் என்பதும்

பலரும் அவசரத்தில் தாண்டிப் போவது இதைத்தான். முழுப் படம் வெளிவரும்போது அந்தக் குடும்பத்தின் நிலைமை மாறியிருக்கலாம். சிஸில் வெளிவருவது படப்பிடிப்புக்கு முன்னால். அவர்கள் அடுத்த பருவமும் அதே ஆளிடம்தான் வேலை கேட்டு நிற்கப்போகிறார்கள். ரீல் இணைப்பாகத்தான் சுற்றும். கடவுச்சொல் போட்டாலும் யார் யாருக்கு அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. முன்பணம் வாங்குமிடத்தை எடுத்திருந்தால், ஒன்று கங்காணி கேமராவுக்காக நல்லவராக நடந்துகொண்டிருப்பார், அல்லது பின்னால் பார்த்துவிட்டு அந்த அக்காவுக்கு வேலை இல்லை என்றிருப்பார். படம் அன்றோடு முடிந்தது. அது மட்டுமா, ஒரு குடும்பத்தின் சோறும் போனது.

அதனால் மூன்று காரியம் செய்தோம். படத்துக்கான ஒப்புதல் தனி, சிஸிலுக்கான ஒப்புதல் தனி என்று இரண்டு தாள். வெட்டி முடித்த ரீலை மடிக்கணினியில் எடுத்துப்போய் அம்மாவுக்கும் மகளுக்கும் காட்டிய பிறகே அனுப்புவது. நோட்டில் இருக்கும் கங்காணியின் பெயர் தெரியும் ஷாட் எதையும் வைக்கக்கூடாது. காட்டியபோது மகள் ஒரு வாக்கியத்தை நீக்கச் சொன்னாள். சேரப்போகும் கல்லூரியில் யாராவது பார்த்துவிட்டால் என்று தயங்கினாள். எனக்கு அது ரீலின் மிகச் சிறந்த வாக்கியம். எடுத்துவிட்டோம்.

எடுக்காததை எதைக் கொண்டு நிரப்புவது

பிறர் படங்களிலிருந்து துண்டுகள் வெட்டி ஒட்டி மனநிலையைக் காட்டும் வழக்கம் விளம்பரத் துறையில் உண்டு. ஆவணப்படப் பிட்ச்சில் அதைச் செய்யாதீர்கள். எதிரே இருப்பவர்கள் ஆண்டு முழுக்கப் படம் பார்க்கிறவர்கள், ஒரு ஷாட்டை அடையாளம் கண்டுகொண்டால் மீதியையும் நம்பமாட்டார்கள். அந்த அக்காவையே நடிக்கவைத்து, வராத பருவத்தை வந்ததுபோலக் காட்டுவதும் வேண்டாம்.

இல்லாததை இல்லையென்று காட்டுவதே சுலபம். ஒரு வரி எழுத்து, ஒரு நிலைப்படம், பேச்சு மட்டும். அதோடு இடத்தின் இப்போதைய நிலை. மூழ்கிய பாத்திகளுக்கு நடுவே வரப்பின் முதுகு மட்டும் தெரிவது, ஓலை வேய்ந்து மூடிய உப்பு அம்பாரம், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கொக்கு. முக்காலியில் நிறுத்தி ஒவ்வொன்றும் முப்பது விநாடி எடுத்துவரச் சொன்னேன். வெட்டியபின் வந்தது ஐந்து விநாடிதான். ஆனால் ஐந்து விநாடி மட்டும் எடுத்திருந்தால் அது நிற்காமல் நழுவியிருக்கும்.

தாளில் எடிட்

கணினியைத் திறப்பதற்கு முன் இதை எழுதி ஒட்டினோம்:

0:00 – 0:20 கறுப்புத் திரை. காலடி, தூக்குவாளி, அதிகாலைப் பேச்சு. சப்டைட்டில் மட்டும்.
0:20 – 0:40 மூழ்கிய பாத்திகள், மூடிய அம்பாரம். ஒரு வரி எழுத்து: அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே வேலை இல்லை.
0:40 – 1:45 கணக்கு பார்க்கும் காட்சி, முழுதாக.
1:45 – 2:00 கையின் புகைப்படம், பலகை, வெயிலில் அளம். மேலே அம்மாவின் குரல், மகளைப் பற்றி.
2:00 – 2:20 காலை. மகள் வாசலில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புகிறாள். கைபேசி அடிக்கிறது, எடுக்கவில்லை.
2:20 – 2:30 தலைப்பு. படப்பிடிப்பு ஜனவரி முதல் செப்டம்பர் வரை.

கணக்கு பார்க்கும் காட்சியில் ஓரிடத்தில் மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அப்படியென்றால் நானும் அளத்துக்கு வருகிறேன் என்று சொல்கிறாள். அம்மா பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கி மூடி, அதை எங்கே வைப்பது என்று தெரியாததுபோலக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். ஏழு விநாடி. நண்பர் அதை மூன்றாகக் குறைக்கச் சொன்னார், நான் மறுத்தேன். இந்தப் படத்தின் நிதானம் என்னவென்று சொல்லும் ஒரே இடம் அந்த ஏழு விநாடிதான்.

இசையைக் கடைசியில் போடுங்கள், போடவேண்டியிருந்தால். முதல் வெட்டை இசை இல்லாமல் முடித்துப் பாருங்கள். எங்கே தொய்கிறதோ அங்கே வெட்டுதான் தவறு. தற்காலிக இசையை முதலிலேயே போட்டுவிட்டால் அது எல்லாத் தொய்வையும் மூடி மறைக்கும், மறுநாள் அதைத் தூக்கினால் ரீலே விழுந்துவிடும். எங்களுடையதில் தலைப்பு வரை இசையே இல்லை, மழைதான்.

சப்டைட்டிலை எடிட்டின் ஒரு பகுதியாக நினையுங்கள், முடித்துவிட்டு ஒட்டுவதாக வேண்டாம். இரண்டு வரி எழுத்தைப் படிக்கவும் முகத்தைப் பார்க்கவும் குறைந்தது நான்கு விநாடி வேண்டும். நம் ஊர்ப் பேச்சின் வேகத்துக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தால் தமிழ் தெரியாதவர் படித்துக்கொண்டே இருப்பார், அந்த அக்காவின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கணக்கில் வரும் எண்களில் பாதியை நாங்கள் மொழிபெயர்க்கவில்லை. குரல் ஏறுவது போதும்.

சோதனை

படத்தைப் பற்றி எதுவும் தெரியாத இருவருக்கு, ஒரே ஒரு முறை, இடையில் எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். பிறகு மூன்று கேள்வி: இது யாரைப் பற்றியது, அவருக்கு என்ன வேண்டும், அடுத்து எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? எங்கள் முதல் வெட்டைப் பார்த்தவர், உப்பளத் தொழிலாளர்களின் கஷ்டத்தைப் பற்றியது என்றார். கெட்ட அடையாளம். அவர் சொன்னது பேசுபொருள், கதை இல்லை. கஷ்டத்தை விளக்கும் எழுத்து வரிகள் நான்கு வைத்திருந்தோம். மூன்றை எடுத்துவிட்டு, கணக்குக் காட்சியை இருபது விநாடி முன்னால் கொண்டுவந்தோம். இரண்டாவது வெட்டைப் பார்த்தவர், அந்தப் பெண் கல்லூரிக்குப் போனாளா என்று கேட்டார்.

இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. பார்த்தவர் படம் முடிந்துவிட்டதா என்று கேட்டால், ரீலின் கடைசியில் எதையோ தீர்த்து வைத்துவிட்டீர்கள், கதவு மூடிவிட்டது. ரொம்ப அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் ட்ரோன் வியாதி இன்னும் போகவில்லை.

அறையில் போடும்போது இணையத்தை நம்பாதீர்கள். ஒரே கோப்பை இரண்டு பென்டிரைவில் வைத்துக்கொண்டு, முந்தின நாளே அந்த அறையின் ஒலிபெருக்கியில் போட்டுப் பாருங்கள். கறுப்புத் திரையில் தொடங்கும் ரீலுக்கு இது மிகவும் அவசியம், இல்லாவிட்டால் கோளாறு என்று நினைத்து யாராவது நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு ஒத்திகையில் அதுதான் நடந்தது. அதற்குப் பிறகு முதல் விநாடியிலேயே சப்டைட்டில் வரும்படி மாற்றினேன்.

ரீல் முடிந்தவுடன் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீலில் பார்த்ததைத் திரும்பச் சொல்லக்கூடாது, அது விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நண்பரின் வாக்கியம் இது: ஜனவரியில் பாத்திகளில் தண்ணீர் கட்டத் தொடங்குவார்கள், அன்று வரப்பில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதிலிருந்து படம் தொடங்குகிறது.

ஜனவரியில் முதல் நாள் எடுத்த காட்சி வந்தவுடன் பழைய ரீலின் இணைப்பை எடுத்துவிட்டு, முதல் இருபது விநாடியை மாற்றி வெட்டினோம். கோப்பின் பெயரில் தேதி போட்டு வைத்திருந்ததால், யாரிடம் எது இருக்கிறது என்ற குழப்பம் வரவில்லை.